தூண் முனையில் ரிங்கை நெருக்கிக் கட்டச் சொல்வது எதற்கு?

2025 மார்ச் 28 மத்தியானம் மாண்டலேயையும் சகைங்கையும் புரட்டிப் போட்ட 7.7 அளவு நிலநடுக்கத்துக்கு அப்புறம், ரங்கூன், பெகு, மோல்மேன் என்று நம் ஆட்கள் இருக்கிற ஊர்களில் எல்லாம் டீக்கடைக்கு ஒரு கட்டட நிபுணர் முளைத்துவிட்டார். சிமெண்ட் மட்டம் என்பார் ஒருவர், மணலில் உப்பு என்பார் இன்னொருவர், கம்பி மெலிசு என்பார் மூன்றாமவர். புதிதாக வீடு கட்டப் போகிறவர்களோ 16 மில்லி கம்பிக்குப் பதிலாக 20 மில்லி போட்டால் பயமில்லாமல் தூங்கலாமா என்று கேட்கிறார்கள். இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் ரிங்கை எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டுகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

காரணம், ரிங் என்பது கான்கிரீட் கொட்டும் வரைக்கும் நீளக் கம்பிகளை நகராமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டம், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் எட்டு அங்குலத்துக்கு ஒன்று போதும், பத்துக்கு ஒன்று போட்டாலும் குறையில்லை. ஆனால் பூமி ஆடும்போது தூண் நிற்குமா நொறுங்குமா என்பதில் பெரும்பங்கு அந்தச் சின்ன வளையத்துக்கு உண்டு, அதிலும் தூணின் இரண்டு முனைகளில் இருக்கிற வளையங்களுக்கு.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன்

தூணில் கீழிருந்து மேலே போகிற தடித்த கம்பிகள் நீளக் கம்பிகள். அவற்றைச் சுற்றிக் குறுக்கே கட்டுகிற மெல்லிய கம்பி வளையம்தான் ரிங். பீமிலும் இதே மாதிரி உண்டு, அங்கே ஸ்டிரப் என்பார்கள், வேலை ஒன்றுதான். ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் நடுவில் இருக்கிற தூரம் இடைவெளி. பீமும் தூணும் ஒன்றுக்குள் ஒன்று போகிற கட்டி ஜாயிண்ட். ரிங்குக்கு உள்ளே அடைபட்டிருக்கிற கான்கிரீட்டை உட்கரு என்றும், ரிங்குக்கு வெளியே ஒன்றரை அங்குலம் போல இருக்கிற தோலை மேல்மூடி என்றும் சொல்லிக்கொள்வோம். இந்தப் பெயர்கள் போதும்.

ஆட்டம் எங்கே வலிக்கும்?

கட்டடத்தின் கனம் பெரும்பாலும் தளங்களில் இருக்கிறது. தரை பக்கவாட்டில் நகரும்போது, கனத்த தளம் உடனே கூட வருவதில்லை, பின்தங்குகிறது. கீழே பிடித்து இழுக்கிறது, மேலே வர மறுக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டது தூண். அது கீழ்முனையில் ஒரு பக்கமும் மேல்முனையில் எதிர்ப்பக்கமும் வளைந்து, பாம்பு நெளிவு போல நிற்கிறது. அந்த நெளிவைக் கூர்ந்து பார்த்தால் தூணின் நட்ட நடுவில் வளைவே கிட்டத்தட்ட இல்லை, எல்லா வளைவும் தரைக்கு மேலே ஒரு முழமும் பீமுக்குக் கீழே ஒரு முழமும்தான். அடுத்த நொடி தரை எதிர்ப்பக்கம் போகும், நெளிவும் தலைகீழாகும், இப்படி நிமிடக்கணக்கில் கூடப் போகலாம்.

சாதாரண நாளில் தூணுக்கு வருவது மேலிருந்து அமுக்கும் பாரம் மட்டும்தான் என்று சொல்லலாம், அதற்கு ரிங் எட்டு அங்குலத்தில் இருந்தாலும் தூண் நின்றுகொண்டே இருக்கும், முப்பது வருஷம் நிற்கும். அதனால்தான் "எங்கள் பழைய வீட்டில் இப்படித்தான் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிற வாதம் ஒரு சாட்சியாகாது. அந்தத் தூணை இன்னும் யாரும் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நிலநடுக்கம் தூணைத் தாக்குவது அதன் முனைகளில், தூணின் முழு நீளத்திலும் சமமாக அல்ல.

அரிசி மூட்டை

ஒரு மூட்டை அரிசியைத் தரையில் கொட்டினால் குவியலாகச் சரிந்து பரவும். அதன் மேல் ஏறி நின்றால் இன்னும் பரவும். அதே அரிசியைச் சாக்கில் அடைத்து வாயைத் தைத்துவிட்டால், மூட்டை மேல் மூட்டையாகக் கிடங்கின் கூரை வரைக்கும் அடுக்கலாம். அரிசி மாறவில்லை, அது பக்கவாட்டில் பிதுங்க வழியில்லாமல் போனது, அவ்வளவுதான்.

கான்கிரீட்டும் அமுக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். தூண் முனை வளையும்போது ஒரு பக்கம் கடுமையாக அமுங்குகிறது. முதலில் வெளித்தோலான மேல்மூடி வெடித்து உதிரும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. கேள்வி அதற்கு அப்புறம்தான். உட்கருவைச் சுற்றி ரிங் நெருக்கமாக இருந்தால் அது சாக்காக இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே கான்கிரீட் விரிசல் விட்டு நொறுங்கினாலும் வெளியே போக இடமில்லாததால் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். இப்படி அடைபட்ட கான்கிரீட், அடைபடாததைப் போலப் பல மடங்கு அமுங்கிய பிறகுதான் கைவிடும். ரிங் எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தால் அது பெரிய ஓட்டை விழுந்த சாக்கு. இரண்டு ரிங்குக்கு நடுவே கான்கிரீட் கொட்டிப் போகும்.

மேல்மூடி உதிர்ந்ததும் இன்னொரு ஆபத்து வெளியே வருகிறது. நீளக் கம்பியை வெளிப்பக்கமாக வளையாமல் பிடித்திருந்ததில் மேல்மூடிக்கும் பங்கு உண்டு. அது போனபின் கம்பி, இரண்டு ரிங்குக்கு நடுவில் பிடிமானம் இல்லாத ஒரு குச்சி. பாரம் அழுத்த அழுத்த அது வெளியே வில்லாக வளையும். பிடிமானம் இல்லாத நீளம் பாதியானால் அதை வளைக்கத் தேவையான விசை ஏறக்குறைய நாலு மடங்காகும். அதனால்தான் ரிங் இடைவெளியை நீளக் கம்பியின் தடிமனோடு சேர்த்து விதியில் எழுதியிருக்கிறார்கள். இடிந்த கட்டடங்களின் படங்களில் தூண் தலையில் கம்பிகள் பறவைக்கூண்டு மாதிரி வெளியே பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கம்பி மெலிசாக இருந்தது என்பதைவிட, அதைப் பிடித்துக்கொள்ள ரிங் இல்லை என்பதுதான் பெரும்பாலும் கதை. 20 மில்லி போட்டிருந்தாலும் அந்தக் கம்பி பிதுங்கியிருக்கும்.

மூன்றாவது, சாய்வான வெட்டு. பக்கவாட்டு விசை தூணைச் சாய்வாகக் கிழிக்கப் பார்க்கும், தோராயமாக 45 பாகையில். ஆட்டம் இரண்டு பக்கமும் போவதால் இரண்டு சாய்வும் சேர்ந்து பெருக்கல் குறி போலத் தெரியும். அந்தக் கிழிசலைக் குறுக்கே தைப்பது ரிங்தான், நீளக் கம்பியால் அது ஆகாது. பன்னிரண்டு அங்குலத் தூணில் ஒரு சாய்வு விரிசல் பத்து அங்குல உயரத்துக்கு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலத்துக்கு ஒரு ரிங் என்றால் அந்த விரிசலைக் கடப்பது ஒரு ரிங், மிஞ்சிப் போனால் இரண்டு. மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்றால் மூன்று, நாலு.

ஆக, உட்கருவை அடைத்து வைப்பது, நீளக் கம்பியை வளையவிடாமல் பிடிப்பது, சாய்வு விரிசலைத் தைப்பது, இந்த மூன்று வேலையும் ஒரே ரிங்குக்கு. மூன்றும் இடைவெளியைச் சார்ந்தவை.

ஒரே கட்டடத்தில் இரண்டு விதத் தூண்

இது ஆய்வகத்தில் மட்டும் கண்ட விஷயம் இல்லை. 1971 பிப்ரவரி 9இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ என்ற ஆஸ்பத்திரி மாட்டிக்கொண்டது. கட்டி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிரதான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சில தூண்களில் ரிங் அகலமாக விட்டு விட்டுக் கட்டப்பட்டிருந்தது, மற்றவற்றில் நீளக் கம்பியைச் சுற்றி நெருக்கமான சுருள் கம்பி. ஆட்டம் நின்றபோது முதல் வகைத் தூண்கள் நொறுங்கிக் கம்பி வெளியே பிதுங்கி நின்றன. சுருள் கட்டிய தூண்களும் பயங்கரமாகச் சாய்ந்து, மேல்மூடி முழுக்க உதிர்ந்துதான் இருந்தன, ஆனால் உட்கரு அப்படியே இருந்தது, மேலே உள்ள தளங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தைப் பிறகு இடிக்க வேண்டி வந்தது, ஆனால் அந்தக் காலையில் மேல்தளங்கள் கீழே வந்து உட்காரவில்லை. அதே வளாகத்தில் இருந்த இரண்டு மாடி மனநலப் பிரிவில் கீழ்த்தளமே நசுங்கிப் போனது.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நெருக்கமான ரிங் போட்டால் வீட்டுக்குச் சேதமே வராது என்று யாரும் சொல்லவில்லை. வீடு சாயலாம், தூண் தலை உதிரலாம், பிறகு குடியிருக்க முடியாமலும் போகலாம். ஆனால் உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து வெளியே ஓட நேரம் கிடைக்கும்.

ஒரு தூணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் பக்கத்தில் சாதாரணமாகக் கட்டுகிற வீட்டையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலத் தூண், 16 மில்லி நீளக் கம்பி, 8 மில்லி ரிங், பீம் ஆழம் 18 அங்குலம், தளத்துக்குத் தளம் 10 அடி. அப்படியென்றால் பீமின் அடி வரைக்கும் தூணின் வெறும் உயரம் எட்டரை அடி, அதாவது 102 அங்குலம். விதியை நிலநடுக்கத்துக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 13920இலிருந்து எடுக்கிறேன், பர்மாவில் பொறியாளர்கள் அதிகம் பார்க்கிற அமெரிக்கக் கான்கிரீட் விதிநூல் ஏசிஐ 318இலும் முனை விஷயத்தில் தர்க்கம் இதேதான்.

முதல் கேள்வி, முனை என்றால் எவ்வளவு நீளம்? மூன்றைப் பார்த்துப் பெரியதை எடு என்கிறது விதி: தூணின் பெரிய பக்கம் 12 அங்குலம், வெறும் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு 17 அங்குலம், அல்லது நேராக 18 அங்குலம். பெரியது 18. ஆக தரையிலிருந்து ஒன்றரை அடி, பீம் அடியிலிருந்து கீழே ஒன்றரை அடி.

இரண்டாவது கேள்வி, அந்த ஒன்றரை அடிக்குள் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று? இங்கே மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும்: தூணின் சிறிய பக்கத்தில் கால் பங்கு 3 அங்குலம், நீளக் கம்பித் தடிமனைப் போல ஆறு மடங்கு 96 மில்லி, அதாவது நாலு அங்குலத்துக்குச் சற்று குறைவு, அல்லது 100 மில்லி. சிறியது 3 அங்குலம்.

நடுவில் மிச்சம் இருக்கிற 66 அங்குலத்தில் இந்திய விதிப்படி பக்கத்தில் பாதி, அதாவது ஆறு அங்குலம் வரை விடலாம். ஏசிஐயின் கடுமையான பிரிவு அங்கேயும் கம்பித் தடிமனைப் போல ஆறு மடங்குக்கு மேல் விடாது. உங்கள் பொறியாளர் எதைப் பின்பற்றுகிறாரோ அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணிப் பார்த்தால் முனைக்கு ஏழு ஏழாகப் பதினாலு, நடுவில் பத்து, ஜாயிண்டுக்குள் ஐந்து, மொத்தம் 29 ரிங். எட்டு அங்குலத்துக்கு ஒன்று என்று சீராகக் கட்டி, ஜாயிண்டில் ஒன்றும் போடாமல் விட்டால் 13. வித்தியாசம் 16 ரிங். ஒரு ரிங்குக்கு ஏறக்குறைய 1.1 மீட்டர் கம்பி ஆகும், 8 மில்லி கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, ஆக ஒரு தூணுக்கு ஒரு தளத்துக்குக் கூடுதலாகச் செலவாவது சுமார் 7 கிலோ கம்பி. நீளக் கம்பியை 16இலிருந்து 20 மில்லி ஆக்க நினைத்தவர், நாலு கம்பி என்றாலும் இதைவிட அதிகமான எடைக்குப் பணம் கொடுத்திருப்பார்.

பீமுக்கும் இதே கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். தூண் முகத்திலிருந்து பீம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரம், நம் கணக்கில் மூன்றடி, நெருக்கமான ரிங். முதல் ரிங் தூண் முகத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், அப்புறம் நாலு அங்குலத்துக்கு மேல் விடாமல்.

கொக்கி

பெகு பக்கம் ஒரு வேலையில் தூணின் கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். இடைவெளி சரியாகவே இருந்தது, மூன்றரை, மூன்று, மூன்றரை. ஆனால் ரிங்கின் இரண்டு நுனியும் ஒன்றின் மேல் ஒன்று வந்து, எல் எழுத்து மாதிரி 90 பாகையில் மடங்கி, மேல்மூடிப் பக்கம் கிடந்தன. அதுவும் எல்லா ரிங்கின் மடிப்பும் ஒரே மூலையில், கீழிருந்து மேல் வரைக்கும் வரிசையாக. கம்பி கட்டுகிற பையனிடம் கேட்டால், "அண்ணே, உள்ளே மடக்கினா கம்பியில மாட்ட வராது, கட்டுக்கம்பி போட்டு இறுக்கிருக்கேன்ல" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான், உள்ளே மடக்கிய ரிங்கை நின்றுகொண்டிருக்கிற கம்பியில் பக்கவாட்டில் மாட்டுவது பெரிய தொந்தரவு. ஆனால் மேல்மூடி உதிர்ந்த நொடியில் 90 பாகை மடிப்பைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, உட்கரு பிதுங்க ரிங் அப்படியே வாய் திறக்கும். மூட்டையைத் தைக்காமல் வாயை முறுக்கி மட்டும் வைத்தது மாதிரி. கட்டுக்கம்பி அதைத் தாங்காது, அது இடம் மாறாமல் பிடிக்க மட்டும்தான். நுனி 135 பாகை மடங்கி, உட்கருவுக்குள்ளே நுழைந்து, மடிப்புக்கு அப்புறம் குறைந்தது 75 மில்லி, அதாவது மூன்று அங்குலம் நேராகப் போக வேண்டும். மடிப்பு வருகிற மூலையை ரிங்குக்கு ரிங் மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

மாட்டுகிற தொந்தரவுக்கு வழி இருக்கிறது. எண்ணி வைத்த ரிங் எல்லாவற்றையும் முதலிலேயே மேலிருந்து நீளக் கம்பிக்குள் கோத்துக் கீழே குவித்து வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக மேலே இழுத்து அளந்து கட்ட வேண்டும். முன்கூட்டியே எண்ண வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிற ஒரே சிரமம்.

எல்லாரும் விட்டுவிடுகிற இடம்

ஜாயிண்டுக்குள் ரிங் போட்ட வீட்டை நான் பார்த்தது அபூர்வம். "அங்கேதான் நாலு பக்கமும் பீம் வந்து கெட்டியாக இருக்கிறதே" என்பார்கள். ஆட்டத்தின்போது நடப்பதோ, ஒரு பக்கத்துப் பீமின் மேல்கம்பி ஜாயிண்டை ஒரு திசையில் இழுக்கிறது, கீழே அதற்கு எதிர்த்திசை, மறுபக்கப் பீமும் அதே முறுக்கைக் கூட்டுகிறது. அந்தச் சின்னக் கட்டி சாய்சதுரமாகக் கோணிக் கிழியப் பார்க்கும். மூலைத் தூணிலும் ஓரத் தூணிலும் இன்னும் மோசம், ஏனென்றால் எல்லாப் பக்கமும் பீம் இல்லை. நாலு பக்கமும் அகலமான பீம் வந்து பிடித்திருந்தால் விதி கொஞ்சம் சலுகை தருகிறது, அப்போதும் ரிங்கே வேண்டாம் என்று சொல்வதில்லை.

விட்டுப் போவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, வேலையின் வரிசை. பீமின் கம்பிக்கூட்டைத் தளத்தின் மேலேயே கட்டி முடித்து, பிறகு கான்கிரீட் கொட்டுகிற பலகைக்குள் இறக்கினால், ஜாயிண்டுக்குள் ரிங் போடக் கை நுழையாது. அதனால் இறக்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எளிதாக நடக்கிற முறை, ஜாயிண்டுக்கான ஐந்து ரிங்கையும் நாலு மெல்லிய கம்பியில் சரியான இடைவெளியில் கட்டி ஒரு குட்டிக் கூடாக வைத்துக்கொண்டு, பீம் கம்பி வருவதற்கு முன்னால் தூண் கம்பியில் இறக்கிவிடுவது. அப்புறம் பீம் கம்பிகளை அதன் நடுவே ஒவ்வொன்றாக நுழைத்து, அந்த இடத்திலேயே கட்டுவது. நேரம் கூடத்தான் பிடிக்கும்.

இந்தப் பகுதியில் மறக்கக் கூடாதது: நெருக்கமான ரிங் ஜாயிண்டின் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிடக் கூடாது, ஜாயிண்டுக்குள்ளேயும் போய் மேல்தளத் தூணில் தொடர வேண்டும்.

ரிங்கால் ஆகாதவை

கீழ்த்தளத்தைக் கடைக்காகச் சுவரே இல்லாமல் திறந்துவிட்டு, மேலே நாலு மாடிக்குச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தால், ஆட்டம் முழுக்க அந்தக் கீழ்த்தளத் தூண்களில் வந்து குவியும். நெருக்கமான ரிங் அங்கே கொஞ்ச நேரம் வாங்கித் தரும், வடிவத்தின் குறையைச் சரிசெய்யாது. பீம் பெரிதாகவும் தூண் ஒல்லியாகவும் இருந்தாலும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றி இளக்கிய கான்கிரீட்டை எத்தனை ரிங் போட்டும் நல்ல கான்கிரீட் ஆக்க முடியாது.

ரிங் நெருங்கினால் புதிதாக ஒரு தலைவலியும் வரும். ஜாயிண்டில் பீம் கம்பி, தூண் கம்பி, ரிங் மூன்றும் நெருக்கியடிக்கிற இடத்தில் பெரிய ஜல்லி மாட்டிக்கொண்டு கீழே கான்கிரீட் இறங்காமல் தேன்கூடு போல ஓட்டை விழும். அதனால் 20 மில்லிக்கு மேற்படாத ஜல்லி, மெல்லிய ஊசி வைப்ரேட்டர், அதையும் ஜாயிண்டில் அவசரப்படாமல் நுழைத்து எடுக்கிற ஆள், இவை கூடவே வேண்டும். பலகையைக் கழற்றியதும் பீம் அடியில் தூண் தலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஜல்லி தெரிந்தால் பூசி மறைப்பதற்குள் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ரிங்கையோ அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கான்கிரீட் கொட்டியபின் அது கண்ணுக்குத் தெரியாது. கம்பியைக் கண்டுபிடிக்கும் கருவியை வைத்து வெளியிலிருந்து இடைவெளியை ஓரளவு அளக்கலாம், கொக்கி எப்படி மடங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. அதனால் பலகை அடைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் டேப்பைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்து, தூணின் அடி, தலை, ஜாயிண்ட் மூன்றையும் எண் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சகைங் என்ற நிலப்பிளவு பெகுவை ஒட்டித்தான் தெற்கே போகிறது, 1930 மே 5இல் அந்த ஊரையும் ஷ்வேமாடோ பகோடாவையும் சரித்தது அதுதான். படம் எடுக்க விடமாட்டேன் என்கிற மேஸ்திரியிடம், படம் எடுத்த பிறகுதான் கான்கிரீட் லாரி உள்ளே வரும் என்று சொல்லுங்கள்.